மையப் பட்டியல் இல்லாமல் தேடுவது எப்படி: கோர்டு வளையமா, கடெம்லியாவா, முழுப் பட்டியலா?

ஒரு கோப்பின் ஹாஷ் உங்கள் கையில் இருக்கிறது. 20 பைட், அவ்வளவுதான். அந்தக் கோப்பை இந்த நிமிடத்தில் யார் வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். கேட்பதற்குத் தலைமை சர்வர் என்று ஒன்று கிடையாது. நினைத்தபோது வந்து நினைத்தபோது போகும் லட்சக்கணக்கான கணினிகள் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றில் யாரிடம் போய்க் கேட்பது?

1999-ல் வந்த நாப்ஸ்டர் இந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை. யாரிடம் எந்தக் கோப்பு இருக்கிறது என்ற பட்டியலைத் தன் சர்வர்களில் வைத்துக்கொண்டது. 2001-ல் வழக்கின் காரணமாக அந்த சர்வர்கள் நின்றதும் மொத்த வலையமைப்பும் நின்றுபோனது. 2000-ல் வந்த நுடெல்லா நேர் எதிர்ப்பக்கம் போனது. பட்டியலே வேண்டாம், தெரிந்தவர்களிடம் கேள், அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் கேட்கட்டும் என்றது. கேள்வி வழக்கமாக 7 தாவல் வரை பரவும். எல்லோரிடமும் இருக்கும் கோப்பு என்றால் உடனே கிடைத்துவிடும். ஒரே ஒருவரிடம் இருக்கும் கோப்பு எட்டாவது தாவலில் இருந்தால், இருந்தும் இல்லாததுதான்.

2001, 2002 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பிறந்தது. அதற்குப் பகிர்ந்த ஹாஷ் அட்டவணை என்று பெயர், சுருக்கமாக டி.எச்.டி. கோர்டு, கான், பேஸ்ட்ரி, டேபஸ்ட்ரி, கடெம்லியா எல்லாமே அந்தக் காலத்துப் பிள்ளைகள்தான். இன்று ஒருவர் சொந்தமாக இப்படி ஒரு அமைப்பைக் கட்ட உட்கார்ந்தால் அவர் முன்னால் உண்மையில் மூன்று வழிகள் இருக்கின்றன. கோர்டின் வளையம் ஒன்று. கடெம்லியாவின் எக்ஸ்ஆர் தூரம் இன்னொன்று. எல்லோரும் எல்லோரையும் தெரிந்து வைத்துக்கொள்ளும் முழுப் பட்டியல் மூன்றாவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் வீட்டிலோ இருக்கும், எப்போது அணையும் என்று தெரியாத கணினிகள் பெரும் எண்ணிக்கையில் சேர்வது என்றால் கடெம்லியா. உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் நிலையான கணினிகள் என்றால் முழுப் பட்டியல். கோர்டு படித்துப் புரிந்துகொள்ள மிக அழகானது, ஆனால் புதிதாகக் கட்டும்போது அதன் வழிகாட்டும் முறையை நான் எடுக்க மாட்டேன். வழக்கமாக இந்த ஒப்பீட்டில் எத்தனை தாவலில் பதில் வரும் என்பதைத்தான் அளக்கிறார்கள். அந்த அளவுகோலை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதுதான் இங்கே நான் காட்ட விரும்புவது.

மூன்று வழிகளுக்கும் அடிப்படை ஒன்றே. ஒவ்வொரு கணினிக்கும், அதாவது ஒவ்வொரு கணுவுக்கும், ஓர் எண் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் ஹாஷே எண், அதைச் சாவி என்போம். இரண்டும் ஒரே எண் வெளியைச் சேர்ந்தவை. பிட்டோரென்ட்டில் இரண்டுமே 160 பிட். எந்தச் சாவிக்கு எந்தக் கணு மிக அருகில் இருக்கிறதோ, அந்தச் சாவி பற்றிய தகவலை அந்தக் கணு பார்த்துக்கொள்ளும். கவனியுங்கள், பார்த்துக்கொள்வது கோப்பை அல்ல. அந்தக் கோப்பு இன்னின்ன முகவரிகளில் கிடைக்கும் என்ற சின்னக் குறிப்பை மட்டும்தான். கோப்பு அதை வைத்திருப்பவரிடமேதான் இருக்கும். குறிப்பைக் கொடுத்த கணுவை நம்பவும் வேண்டியதில்லை. கோப்பு வந்து சேர்ந்ததும் நாமே ஹாஷ் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் அருகில் என்பதற்கு என்ன பொருள்? கோர்டும் கடெம்லியாவும் பிரியும் இடம் இதுதான்.

```
Chord:     d(a, b) = (b - a) mod 2**m
Kademlia:  d(a, b) = a ^ b
```

m என்பது எண்ணின் பிட் அளவு. முதல் வரியில் எண்கள் கடிகாரம்போல ஒரு வளையத்தில் நிற்கின்றன. a-யிலிருந்து வலப்பக்கமாகச் சுற்றி b-க்குப் போக எவ்வளவு என்பதுதான் தூரம். இரண்டாவது வரியில் இரண்டு எண்களையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களில் 1 போட்டு, வரும் எண்ணையே தூரம் என்கிறோம். முன் பிட்டுகள் எவ்வளவு நேரம் ஒத்துப்போகின்றனவோ அவ்வளவு அருகில்.

சின்னக் கணக்காக ஒன்று போட்டுப் பார்த்தால்தான் இது மனதில் நிற்கும். 6 பிட் எண் வெளி, அதாவது 0 முதல் 63 வரை. அதில் பத்துக் கணுக்கள்: 3, 9, 14, 22, 27, 35, 41, 48, 53, 60. நாம் தேடும் சாவி 45. தேடலைத் தொடங்குவது 14 என்ற எண் கொண்ட கணு.

முதலில் கோர்டு. 45-க்கு வலப்பக்கமாகப் போனால் முதலில் வரும் கணு 48. எனவே 45 பற்றிய குறிப்பு 48-இடம் இருக்கிறது. இது 14-க்குத் தெரியாது. அதனிடம் இருப்பது ஒரு விரல் அட்டவணை. தன்னிலிருந்து 1, 2, 4, 8, 16, 32 அடி தள்ளி, அந்தந்த இடத்தில் அல்லது அதற்கு அப்பால் முதலில் வரும் கணு எது என்ற பட்டியல் அது. 14-க்கு அது 22, 22, 22, 22, 35, 48 என்று வரும். இதில் 45-ஐத் தாண்டாமல் அதற்கு மிக அருகில் இருப்பது 35. அங்கே போகிறது. 35-இன் பட்டியல் 41, 41, 41, 48, 53, 3. இதில் தாண்டாமல் அருகில் இருப்பது 41. அங்கே போனால், 41 தனக்கு அடுத்த கணு 48 என்பதைப் பார்த்து, 45 அந்த இடைவெளிக்குள் விழுவதால் 48-ஐப் பதிலாகச் சொல்கிறது. 14, 35, 41, 48. முடிந்தது.

இப்போது கடெம்லியா. 45-ஐ இரும எண்ணில் எழுதினால் 101101. ஒவ்வொரு கணுவுக்கும் எக்ஸ்ஆர் போட்டால், 41-க்குத் தூரம் 4, 35-க்கு 14, 60-க்கு 17, 53-க்கு 24, 48-க்கு 29. மற்றவை எல்லாம் 32-க்கு மேல். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வளையத்தில் பொறுப்பாளராக இருந்த 48, சாவியிலிருந்து மூன்றே எண் தள்ளி இருக்கிறது. இங்கே அது ஐந்தாவது இடத்துக்குப் போய்விட்டது. காரணம் 48 என்பது 110000. இரண்டாவது பிட்டிலேயே 45-இடமிருந்து பிரிந்துவிடுகிறது. எண்ணில் பக்கம், பிட்டில் தூரம். முதன்முதலில் கடெம்லியா படிப்பவர்கள் தடுமாறும் இடம் இது. எண்கோட்டை மறந்துவிட்டு, ஒவ்வொரு பிட்டிலும் இரண்டாகப் பிரியும் ஒரு மரமாக நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும். ஒரே கிளையில் எவ்வளவு ஆழம் சேர்ந்து போகிறோம் என்பதே நெருக்கம்.

ஒவ்வொரு சாவியையும் மிக அருகில் உள்ள k கணுக்கள் வைத்துக்கொள்ளும். பீட்டர் மேமூன்கோவும் டேவிட் மாசியேரும் 2002-ல் எழுதிய மூலக் கட்டுரையில் k 20. பிட்டோரென்ட்டில் 8. நம் சின்ன உலகத்துக்கு 2 என்று வைத்துக்கொள்வோம். ஆக, 45 பற்றிய குறிப்பு 41-இடமும் 35-இடமும் இருக்கிறது.

14 என்பது 001110. முதல் பிட்டிலேயே 45-இடமிருந்து வேறுபடுகிறது. முதல் பிட் 1 ஆக இருக்கும் கணுக்களுக்கென்று 14-இடம் ஒரு பக்கெட், அதாவது k முகவரிகள் வரை கொள்ளும் சின்னப் பட்டியல், உண்டு. 35, 41, 48, 53, 60 ஆகியவற்றில் எந்த இரண்டு வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். நம் கெட்ட நேரம், தூரமான 48-உம் 53-உம்தான் இருக்கின்றன என்று கொள்வோம். இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்கிறது. இரண்டுமே 10 என்று தொடங்கும் கிளைக்கான பக்கெட்டைப் பார்த்து 35, 41 என்று பதில் சொல்கின்றன. 14 அந்த இரண்டையும் கேட்கிறது, குறிப்பு கிடைக்கிறது. பிட்டோரென்ட்டில் ஒவ்வொரு கேள்வியும் ஒரே ஒரு யு.டி.பி. பாக்கெட். அதன் உள்ளடக்கம் இவ்வளவுதான். கம்பியில் போகும்போது பென்கோட் வடிவத்தில் போகும்:

```
{"t":"aa", "y":"q", "q":"get_peers",
 "a":{"id":"abcdefghij0123456789",
      "info_hash":"mnopqrstuvwxyz123456"}}
```

பதிலில் ஒன்று `values` வரும், அதாவது கோப்பு இருக்கும் முகவரிகள். அல்லது `nodes` வரும், அதாவது என்னைவிட இவர்கள் அருகில், அங்கே கேள் என்பது. தேடல் முழுவதும் இந்த இரண்டு பதில்களுக்குள் முடிந்துவிடுகிறது.

தாவல் எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. பத்து லட்சம் கணுக்கள் இருந்தால் கோர்டு சராசரியாகப் பத்துத் தாவலில் முடிக்கும். கடெம்லியா ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு பிட்டாவது முன்னேறுவதால் 20-க்கு மேல் போகாது. பக்கெட்டில் பல கணுக்கள் இருப்பதால் ஒரே படியில் பல பிட்டுகள் தாண்டி, நடைமுறையில் அதைவிட நன்றாகவே குறையும். இரண்டும் மடக்கை அளவில்தான் வளர்கின்றன. இதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பார்க்க வேண்டிய எண் வேறு. ஒரு கணு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால், அட்டவணையை யார் திருத்துகிறார்கள், அதற்கு என்ன செலவு?

அதே உதாரணத்தில் 41 திடீரென்று அணைந்துவிட்டது என்று வைப்போம். கோர்டில் 35 கேள்வியை 41-க்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. டைம்அவுட் ஆன பிறகு, தனக்கு அடுத்தடுத்து வரும் சில கணுக்களின் பட்டியலைப் பார்க்கிறது. அதில் 48 இருக்கிறது, தப்பித்தது. அந்தப் பட்டியலை வைத்துக்கொள்ளாத கோர்டு நடைமுறைக்கு உதவாது.

ஒருவர் போவதைவிட ஒருவர் வருவதுதான் கோர்டுக்குச் சங்கடம். 41 திரும்ப உயிருடன் இருக்கிறது என்று கொள்ளுங்கள். இப்போது 46 என்று ஒரு புதிய கணு சேர்கிறது. விதிப்படி 45 இனி 46-இன் பொறுப்பு. 46 தனக்கு அடுத்தது 48 என்று கண்டுபிடித்து 48-இடம் போய் நான் உனக்கு முன்னால் இருக்கிறேன் என்று சொல்கிறது. 48 அதை ஏற்றுக்கொண்டு 45 பற்றிய குறிப்பை 46-இடம் ஒப்படைக்கிறது. ஆனால் 41-க்கு இது எதுவும் தெரியாது. அது அவ்வப்போது ஓட்டும் `stabilize` வேலையில், 48-இடம் உனக்கு முன்னால் யார் என்று கேட்கும்போதுதான் 46 பற்றித் தெரியவரும். அதுவரை வரும் தேடலை எல்லாம் 41 இன்னும் 48-க்கே அனுப்பும். 48-ஓ குறிப்பைக் கொடுத்தாகிவிட்டது, இல்லை என்று சொல்லும். வரிசை மாறி, 41 முதலில் தெரிந்துகொண்டு ஒப்படைப்பு தாமதமானால், தேடல் வெறும் கையோடு நிற்கும் 46-இடம் போய் முடியும். இரண்டிலும் கேட்டவருக்குக் கிடைப்பது கோப்பு இல்லை என்ற உறுதியான, தவறான பதில்.

பிரதிகளைக் கோர்டிலும் வைக்கலாம். 48-க்கு அப்பால் உள்ள 53, 60 ஆகியவற்றிலும் குறிப்பை வைத்து, முதல்வரிடம் இல்லையென்றால் அடுத்தவரிடம் கேட்கச் செய்யலாம். மேலே சொன்ன கோளாறு பெரும்பாலும் மறையும். ஆனால் அதைத் தேடல் விதிக்கு மேலே இன்னொரு அடுக்காக நாம் எழுத வேண்டும். வளையம் சரியாக இருந்தால்தான் அந்த அடுக்கும் சரியாக இருக்கும். வளையத்தைச் சரியாக வைத்திருப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு ஒரு சான்று உண்டு. கோர்டு வெளியாகிப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 2012-ல், பமேலா சேவ் அதன் வெளியிடப்பட்ட விதிகளை முறைப்படி மாதிரியாக்கிச் சோதித்தார். சில வரிசைகளில் கணுக்கள் சேர்ந்தும் விழுந்தும் போனால் வளையம் தானே சரியாகாத நிலைக்குப் போய்விடும் என்று காட்டினார். பிறகு திருத்தப்பட்ட விதிகளையும் அவரே தந்தார். புதிதாகக் கோர்டு எழுதுபவர் 2001 கட்டுரையை மட்டும் வைத்து எழுதினால், இந்தப் பள்ளத்தில் விழுவார்.

கடெம்லியாவில் இதே இரண்டு சம்பவங்களையும் ஓட்டிப் பாருங்கள். 41 அணைந்தது: 14 ஏற்கெனவே 35-ஐயும் கூடவே கேட்டிருக்கிறது, அதனிடம் குறிப்பு இருக்கிறது, தேடல் முடிந்தது. டைம்அவுட்டுக்குக் காத்திருக்கவே இல்லை. 46 சேர்ந்தது: 101110 என்பதால் 45-க்குத் தூரம் 3, அதுதான் இப்போது மிக அருகில். 14 அதைக் கேட்கிறது, அதனிடம் எதுவும் இல்லை. பரவாயில்லை, தேடல் நிற்பதில்லை. அடுத்த அருகாமையான 41-ஐக் கேட்கிறது, கிடைத்துவிடுகிறது. அருகில் உள்ள எல்லாரையும் கேட்டு முடிக்கும் வரை இல்லை என்ற முடிவுக்கு வருவதே கிடையாது. 46-இடம் குறிப்பு வந்து சேர அவசரமும் இல்லை. கோப்பு வைத்திருப்பவர் அடுத்த முறை அறிவிக்கும்போது அது தானாக வந்துவிடும். ஒரு நேரத்தில் யாரோ சரியான பொறுப்பாளர் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமே இந்த அமைப்பில் இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த குணம் அதுதான்.

இதற்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. அது அந்த `a ^ b`-க்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. எக்ஸ்ஆர் இரண்டு பக்கமும் ஒன்றே. 14-இலிருந்து 53-க்குத் தூரம் 59; 53-இலிருந்து 14-க்கும் 59. ஆகவே 14 வந்து 53-இடம் ஒரு கேள்வி கேட்டால், 53-க்குத் தன் பக்கெட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு முகவரி இலவசமாகக் கிடைத்தது. தேடல் போக்குவரத்தே அட்டவணையைப் புதுப்பித்துக்கொண்டே போகிறது. கோர்டில் அப்படி இல்லை. 14 வந்து 35-இடம் கேட்டது. 35-இன் விரல்கள் 41, 48, 53, 3. அவற்றில் 14-க்கு இடமே இல்லை. வந்த கேள்வியால் 35-க்கு எந்தப் பயனும் இல்லை, தன் விரல்களைச் சரிபார்க்க அது தனியாக `fix_fingers` ஓட்டியாக வேண்டும். மேலும் கோர்டின் மூல விதிப்படி ஒவ்வொரு விரலும் ஒரு குறிப்பிட்ட கணுவாகவே இருக்க வேண்டும். 14-இன் கடைசி விரல் 48 மட்டும்தான். கடெம்லியாவின் பக்கெட்டில் அந்தப் பாதியைச் சேர்ந்த எந்தக் கணுவும் பொருந்தும். விரல் விதியைத் தளர்த்திய கோர்டு வகைகளும் பின்னால் வந்தன. அவை தளரத் தளர கடெம்லியாவின் பக்கம்தான் வருகின்றன.

யாரும் பொருந்தும் என்றால் யாரை வைத்துக்கொள்வது? இதற்குக் கடெம்லியா சொல்லும் விதி, பார்த்த மாத்திரத்தில் தலைகீழாகத் தோன்றும். பக்கெட் நிறைந்திருக்கும்போது புதியவர் வந்தால், மிக நீண்ட நேரமாகப் பேசாத பழைய கணுவுக்கு ஒரு பிங் அனுப்பு. அது பதில் சொன்னால் பழையதையே வைத்துக்கொள், புதியவரை விட்டுவிடு. நுடெல்லாவில் எடுத்த அளவீடுகள்தான் இதற்கு ஆதாரம். ஒரு கணு எவ்வளவு நேரமாக இணைப்பில் இருக்கிறதோ, இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதற்கான வாய்ப்பும் அவ்வளவு அதிகம். நீண்ட நேரம் இருந்தவர் இன்னும் இருப்பார். இதே விதி, ஒரே நேரத்தில் ஆயிரம் போலிக் கணுக்களைக் கொண்டு வந்து இறக்கி உங்கள் அட்டவணையைக் கழுவிவிட நினைப்பவரையும் தடுக்கிறது.

சரி, முழுப் பட்டியலுக்கு வருவோம். எல்லோருடைய ஐடியும் முகவரியும் எல்லோரிடமும் இருந்தால் தாவலே தேவையில்லை, பொறுப்பாளரை நேராகக் கேட்டுவிடலாம். இதைக் கேட்டதும் நினைவகம் தாங்காதே என்று சிலர் சொல்வார்கள். தாங்கும். ஐடிக்கு 20 பைட், முகவரிக்கும் போர்ட்டுக்கும் 6, ஆக 26. பத்து லட்சம் கணுக்களுக்கு 26 மெகாபைட். இது ஒரு பொருட்டே இல்லை.

தாங்காதது மாற்றங்களின் வேகம். ஒவ்வொருவரும் சராசரியாக ஒரு மணி நேரம் இணைப்பில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மணிக்குப் பத்து லட்சம் பேர் போகிறார்கள், பத்து லட்சம் பேர் வருகிறார்கள். நொடிக்குச் சுமார் 556 மாற்றங்கள். ஒவ்வொன்றும் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். எந்தப் பாக்கெட் தலைப்பும் இல்லாமல், ஒரு செய்தியும் இரண்டு முறை வராமல் கணக்கிட்டாலே ஒவ்வொரு கணுவுக்கும் நொடிக்கு 14 கிலோபைட். நீங்கள் எதையும் தேடாமல் சும்மா இருக்கும்போதும் இது ஓடிக்கொண்டே இருக்கும். அதே பத்து லட்சத்தில், k 8 என்றால், கடெம்லியா கணுவிடம் நிறைந்திருப்பது சுமார் 17 பக்கெட், 140 முகவரிக்குள். ஒவ்வொன்றையும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பிங் செய்தால்கூட ஆறேழு நொடிக்கு ஒரு சின்னப் பாக்கெட். நொடிக்கு 20 பைட்டைத் தாண்டாது.

ஆனால் இதே கணக்கை 200 சர்வர்களுக்குப் போடுங்கள். ஒவ்வொன்றும் மாதம் ஒரு முறை அணைந்து எழுகிறது என்றால் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மாற்றங்கள். அங்கே போய்ப் பல தாவல் தேடலை எழுதுவது வீண். அமேசான் 2007-ல் விவரித்த டைனமோ இந்த வழியைத்தான் எடுத்தது. சாவிகளைப் பங்கிட வளையம் வைத்துக்கொண்டது. ஆனால் யார் எங்கே என்பது ஒவ்வொரு கணுவுக்கும் முழுதாகத் தெரியும், மாற்றங்கள் கணுவிலிருந்து கணுவுக்கு வாய்மொழிபோலப் பரவும். கஸாண்ட்ராவும் அதே வழி. கோர்டின் வளையம் இன்றும் வாழ்வது இந்த இடத்தில்தான், விரல்கள் இல்லாமல்.

எல்லை எங்கே என்று கேட்டால், பலர் நினைப்பதைவிட மேலே இருக்கிறது என்பேன். 5,000 வீட்டுக் கணினிகள், அதே ஒரு மணி நேர ஆயுள்: நொடிக்கு மூன்று மாற்றத்துக்கும் குறைவு, 72 பைட். வாய்மொழிப் பரவலில் ஒரே செய்தி பத்து முறை வந்தாலும் ஒரு கிலோபைட்டைத் தொடாது. அளவு காரணமாக மட்டும் இங்கே கடெம்லியாவுக்குப் போக வேண்டியதில்லை. போக வேண்டிய காரணம் வேறு: நம்பிக்கை. முழுப் பட்டியலில் ஒரு பொய்யன் சொல்லும் இல்லாத ஆயிரம் பெயர்கள் அத்தனை பேருடைய பட்டியலிலும் ஏறிவிடும். முன்பின் தெரியாதவர்கள் சேரும் வலையமைப்பு என்றால் 5,000-இலேயே நான் கடெம்லியாவுக்குத்தான் போவேன்.

கடெம்லியாவிலும் பொய் இல்லாமல் இல்லை. ஒரே ஆள் பல ஐடிகளை உருவாக்கிக்கொள்ளும் இந்த வித்தைக்கு சிபில் தாக்குதல் என்று பெயர். ஐடியைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்றால், ஒரு சாவியைச் சுற்றி எட்டுப் போலிகளை வைத்துவிட்டு, எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று சொல்லலாம். கோர்டில் சாவியை அடுத்து ஒன்றை வைத்தாலே அந்த வேலை தொடங்கிவிடும், பிரதிகளுக்காக இன்னும் சிலவற்றைச் சேர்த்தால் போதும். பிட்டோரென்ட்டில் இதற்கு எதிராக BEP 42 என்ற பரிந்துரை உண்டு. ஐ.பி. முகவரியிலிருந்து கணக்கிட்டு ஐடியின் முன்பகுதி வர வேண்டும் என்கிறது. முகவரிகள் கையில் நிறைய இருப்பவரை அது முழுக்கத் தடுக்காது.

ஆனால் இந்தத் தாக்குதல் நடக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பத்து லட்சம் கணுக்களின் ஐடிகள் சீராகச் சிதறியிருந்தால், ஒரு சாவிக்கு மிக அருகில் உள்ள எட்டுக் கணுக்கள் அதனோடு ஏறத்தாழ 17 முதல் 20 பிட்டுகள் வரை ஒத்துப்போகும். தேடி முடித்ததும் அதை அச்சிட்டுப் பாருங்கள். 40 பிட் ஒத்துப்போகும் ஒரு கணு இயல்பாக அமைவதற்குப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். அப்படி எட்டும் வந்து நின்றால், அந்தச் சாவியை யாரோ முற்றுகையிட்டிருக்கிறார்கள்.

தாக்குதலைவிட அடிக்கடி நடப்பது நம் கையாலேயே நடக்கும் தவறு. கேள்வி கேட்டு வந்த எவரையும் உடனே பக்கெட்டில் போட்டுவிடுவதுதான் அது. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் பல கணினிகள் வெளியே கேள்வி அனுப்பும், ஆனால் அவற்றுக்கு வெளியிலிருந்து கேள்வி போய்ச் சேராது. அவற்றைச் சேர்த்துக்கொண்டால் அட்டவணை நிறைந்திருக்கும், தேடல் மட்டும் ஊரும். நானும் இதைச் செய்துவிட்டு, பாக்கெட்டுகள் எங்கே தொலைகின்றன என்று வலையமைப்பை நாள் கணக்கில் குடைந்திருக்கிறேன். கோளாறு அங்கே இல்லை, என் பக்கெட்டில் இருந்தது. பிட்டோரென்ட்டின் BEP 5 இதற்குத் தெளிவான விதி வைத்திருக்கிறது: நம் கேள்விக்கு ஒரு முறையாவது பதில் சொன்ன கணுவே நல்ல கணு, கடந்த 15 நிமிடத்தில் அதனிடமிருந்து பதிலோ கேள்வியோ வந்திருக்கவும் வேண்டும். தன்னால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்த கணு தன் கேள்வியிலேயே `ro` என்ற இடத்தில் 1 போட்டு அனுப்பலாம் என்று BEP 43 சொல்கிறது. அப்படி வந்தால் பதில் சொல்லுங்கள், பக்கெட்டில் சேர்க்காதீர்கள்.

மூன்றில் எதை எடுத்தாலும் மாறாத இரண்டு குறைகளையும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. முதல் கணு ஒன்றின் முகவரியாவது எங்கிருந்தோ கிடைக்க வேண்டும். போன முறை சேமித்த அட்டவணை இருந்தால் நல்லது, இல்லையென்றால் `router.bittorrent.com:6881` போன்ற தெரிந்த ஒரு வாசல் வேண்டும். இரண்டாவது, சாவி முழுதாகத் தெரிந்தால்தான் தேட முடியும். கோப்பின் பெயரில் பாதி நினைவிருக்கிறது என்று வந்தால் இந்த மூன்றும் கைவிரிக்கும். பெயரிலிருந்து ஹாஷுக்குப் போகும் வழியை வேறெங்காவது கட்ட வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். உங்கள் கணினிகளின் இணைப்பு நேரத்தை ஒரு வாரம் பதிவு செய்யுங்கள். கணுக்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, சராசரி இணைப்பு நேரத்தின் நொடிகளால் வகுத்து, 26-ஆல் பெருக்குங்கள். வரும் பைட் எண்ணையும், பிரதிச் செய்திகளுக்காக அதன் பத்து மடங்கையும் உங்கள் கணினிகள் சும்மா இருக்கும்போது தாங்குமா, அவை எல்லாம் உங்களுடையவையா என்ற இரண்டு கேள்விக்கும் ஆம் என்றால் முழுப் பட்டியலை எழுதுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் கடெம்லியா. k-ஐ 8-இல் தொடங்குங்கள். அருகில் உள்ள எட்டில் எத்தனை கணுக்கள் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் பதில் சொல்கின்றன என்று எண்ணிப் பார்த்து, ஒன்றிரண்டுக்குக் கீழே போகும் நேரங்கள் வந்தால் 20-க்கு ஏற்றுங்கள்.